திரும்பி வராத தட்டு

மாஸ்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். அடுப்படியில் நிற்பவர்களுக்குப் பொதுவாகவே அது உண்டு என்றாலும் இவருக்கு ஒரு பிடி கூடுதல். சாப்பிட வந்த யாராவது கை கழுவுகிற இடத்தைத் தேடிக்கொண்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டால் தொலைந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த வாணலியைப் பிடிக்கிறேன், காய் குழைந்துவிட்டது என்று ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு திரும்பி வந்ததில்லை என்று ஆரம்பித்துவிடுவார். கை கழுவ வந்தவர் ஈரக் கையோடு நின்று முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும்.

பெருமைப்பட விஷயமும் இருந்தது. அந்தச் சின்ன ஓட்டலில் பத்து மேஜைதான். நூடுல்ஸ், சூப், வறுத்த சோறு என்று எல்லாம் உண்டு. ஆனால் மதியக் கூட்டம் வருவது காய் வதக்கலுக்காக. பெரிய வாணலியில், பெருந்தீயில், மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே. கேரட் கடித்தால் சத்தம் வர வேண்டும், பீன்ஸ் பச்சை மாறாமல் இருக்க வேண்டும், முட்டைகோஸ் ஓரத்தில் லேசாகக் கருகி நடுவில் விறைப்பாக நிற்க வேண்டும். மாடியில் கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டரம்மா தினமும் ஒன்றேகாலுக்கு இறங்கி வந்து இதைத்தான் சாப்பிடுவார். எல்லாரும் இப்படிச் சத்தமாக மென்று சாப்பிட்டால் பல்லே கெடாது, எனக்கு வருமானமே போய்விடும் என்று சிரிப்பார்.

மாஸ்டரின் மனைவி கல்லாவில் உட்காருவாள். ஓட்டல் அவளுடைய தம்பியுடையது. அடுப்படிக்கும் கல்லாவுக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு ஜன்னல், ஜன்னல் விளிம்பில் ஒரு சின்னப் பித்தளை மணி. தட்டு தயாரானதும் மாஸ்டர் மணியைத் தட்டுவார், அவள் தட்டை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜைக்கு அனுப்புவாள். சில நாள் தலையை உள்ளே நீட்டி, "இன்னொண்ணு போடுங்க" என்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் வேலை நேரத்துப் பேச்சு.

மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் அவள் தன் சாப்பாட்டை எடுப்பாள். அவள் தட்டில் காய் வதக்கல் இருக்கிற நாளெல்லாம் அது குழைந்துதான் இருக்கும். கல்லாவுக்குக் கீழே மூடி போட்டு வைத்து ஆறிப்போன தட்டு. ஊரெல்லாம் என் கையால் மொறுமொறுவென்று சாப்பிடுது, என் வீட்டுக்காரிக்கு மட்டும் பல் முளைக்காத குழந்தைபோலக் குழைஞ்ச காய்தான் பிடிக்கும் என்று மாஸ்டர் கேலி செய்வார். அவள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் எக்ஸாஸ்ட் வந்து சேர்ந்தது.

மாஸ்டருக்கு இருமல் இருந்தது. பெருந்தீயில் எண்ணெய் புகைய நிற்கிறவருக்கு இருமல் வராமல் என்ன செய்யும். பழைய காற்றாடி ஒரு சாண் அகலம், அது இழுப்பதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். மைத்துனன் ஒரு நாள் பார்த்தான், இரண்டு நாள் பார்த்தான், மூன்றாம் நாள் ஆட்களைக் கூட்டிவந்து பழைய காற்றாடியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்துவிட்டு, அடுப்புக்கு மேலே ஒரு பெரிய தகரக் கூடாரத்தை மாட்டிவிட்டான். அதற்குள் ஒரு மோட்டார். ஒரே ஒரு சுவிட்ச். போட்டால் லாரி மலையேறுகிற இரைச்சல்.

"உங்களுக்காகத்தான் மாமா. இனிமே இருமல் கிட்டவே வராது."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. புகையும் இல்லை என்பதால் மறைக்கவும் வழியில்லை. சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்ய மாட்டான் என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மதியம் முதல் தட்டு திரும்பி வந்தது.

காய் வெந்து தொய்ந்து, அடியில் தண்ணீர் கட்டியிருந்தது. மாஸ்டர் அதை ஏதோ வேறு ஓட்டல் தட்டு தவறி வந்துவிட்டதுபோல் பார்த்தார். அடுத்த நாள் மூன்று வந்தன. அதற்கடுத்த நாள் டாக்டரம்மா தட்டில் பாதியை வைத்துவிட்டு, இன்றைக்குப் பல்லுக்கு விடுமுறை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடியேறினார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். மாஸ்டருக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

பழியைப் போட ஆள் தேடுவதில் மாஸ்டர் கெட்டிக்காரர். முதலில் காய்க்கடைக்காரர்மேல் போட்டார், பழைய காயைத் தள்ளிவிட்டார் என்று. காய் நறுக்குகிறவர்மேல் போட்டார், கேரட்டைக் கட்டைவிரல் தடிமனுக்கு வெட்டுகிறார் என்று. அந்த மனிதர் பேசாமல் ஒரு கேரட் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மெல்லிசாக, சாய்வாக, எல்லாம் ஒரே அளவாக இருந்தது. காயைக் கழுவி ஈரத்தோடு தருகிறீர்கள் என்றார் மாஸ்டர் அடுத்து. நறுக்குகிறவர் துணியில் பரப்பி உலர்த்தி வைத்திருந்த தட்டுகளை வரிசையாகக் காட்டினார். கேஸ் சரியில்லை என்றார். நீலத் தீ வாணலியின் இடுப்புவரை ஏறி எரிந்துகொண்டிருந்தது.

கல்லாவில் இருந்தவள் அந்த வாரம் முழுக்க மூன்று மணிக்கு, எனக்குப் பசியே இல்லை, வயிறு திம்மென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மைத்துனன் அடுப்படிக்குள் வந்து எக்ஸாஸ்டை நிறுத்தினான். ஏதோ பெரிய விஷயம் பேசப் போகிறான் என்று அதிலேயே தெரிந்தது. பக்கத்துக் கட்டடத்தில் வீட்டு வரைபடம் போட்டுக்கொடுக்கிற ஆபீஸிலிருந்து சனிக்கிழமை பதினாறு பேர் சாப்பிட வருகிறார்கள். பிடித்துப்போனால் தினமும் மதியச் சாப்பாடு இங்கேதான். பதினாறு பேருக்கும் காய் வதக்கல் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இருக்கிற நிலைமையில் வாணலியை நம்பி இறங்குவது சரியாக வராது, அதனால் காயைக் காலையிலேயே அரை வேக்காடு வேகவைத்து எடுத்துவைத்துக்கொள்ளலாம், மதியம் எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டினால் போதும், அதை நறுக்குகிறவரே பார்த்துக்கொள்வார், மாமா சூப்புப் பக்கம் வந்துவிடட்டும் என்றான்.

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வயசாகுதுல்ல மாமா. எத்தனை நாளைக்குத்தான் தீயில நிப்பீங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

திட்டியிருந்தால் மாஸ்டர் பதிலுக்குத் திட்டியிருப்பார். பாசத்தோடு சொன்னவனை என்ன செய்வது. சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் என் கையில் விடு மாப்பிள்ளை, அன்றைக்கும் சொதப்பினால் நானே சூப்புக் கரண்டியைத் தூக்கிக்கொள்கிறேன் என்றார். அவன் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான்.  வாணலியை விட்டால் தனக்கு இந்த உலகத்தில் வேறு அடையாளம் இல்லை என்று மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம், கூட்டம் நிறைந்திருக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. விளக்கு அணைந்தது, எக்ஸாஸ்ட் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கேஸுக்குக் கரண்ட் எதற்கு, தீ பாட்டுக்கு எரிந்தது. மாஸ்டர் அரையிருட்டில், ஆவி படிந்து வெள்ளையாகிவிட்ட மூக்குக்கண்ணாடியோடு, டாக்டரம்மாவுக்கும் இன்னொருவருக்குமாக இரண்டு தட்டு போட்டார். புகையில் இருமினார். மணியைத் தட்டினார்.

பத்து நிமிஷம் கழித்து டாக்டரம்மா ஜன்னலருகே வந்து, என் பல்லுக்கு மறுபடி வேலை கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, இன்றைக்கு முட்டைகோஸ் நல்ல முட்டைகோஸ் என்று நறுக்குகிறவரிடம் சொன்னார். கரண்ட் வந்தது, எக்ஸாஸ்ட் கத்த ஆரம்பித்தது, அதே முட்டைகோஸ் அடுத்த தட்டில் தொய்ந்து படுத்தது.

அன்று மூன்றரைக்கு, நறுக்குகிறவர் வீட்டுக்குப் போனபிறகு, அவள் கல்லாவைப் பூட்டிவிட்டு அடுப்படிக்குள் வந்தாள். அவள் உள்ளே வருவதே அபூர்வம். எக்ஸாஸ்டைக் கைகாட்டினாள்.

"இது ஓடுறப்போ உங்களுக்கு வாணலி கேக்குதா?"

"வாணலிய எதுக்கு கேக்கணும்? பாத்துத்தானே வதக்குறேன்."

"கண்ணாடி பூரா ஆவி. எதைப் பாக்குறீங்க?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அவள் மறுபடி ஒரு தடவை வதக்கச் சொன்னாள், எக்ஸாஸ்டைப் போடாமல், யோசிக்காமல், எப்போதும் செய்வதுபோல.

அவர் வாணலியைக் காயவிட்டார். லேசாகப் புகை கிளம்பியதும் எண்ணெயை ஓரத்தில் சுற்றி விட்டார். இஞ்சியும் பூண்டும் போட்டார், மணம் வந்த கையோடு கேரட்டையும் பீன்ஸையும் கொட்டினார். சோவென்று பெருமழைபோல் ஒரு சத்தம் எழுந்தது. காய் சில்லென்று விழுந்ததில் சத்தம் கொஞ்சம் அமுங்கியது. அவர் கை புரட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த கிண்ணம் பக்கத்திலேயே இருந்தும் கை அதைத் தொடவில்லை. சத்தம் மெல்ல ஏறி, ஈரம் வற்றி, படபடவென்று வறண்டு வெடித்தது. அந்த நொடியில் கை தானாகக் குடைமிளகாயையும் வெங்காயத்தையும் எடுத்துப் போட்டது. மறுபடி அமுங்கல், மறுபடி ஏற்றம். பிறகு முட்டைகோஸ். அதுவும் படபடத்ததும் வெங்காயத்தாள், முளைப்பயறு, உப்பு, ஓரத்தில் ஒரு சுற்று சோயா சாஸ். இருபது எண்ணுவதற்குள் இறக்கிவிட்டார், தட்டில் இருக்கிற சூட்டிலேயே மீதி வேகும் என்பதற்காகக் கொஞ்சம் முன்னாலேயே.

ஒரு கேரட்டைக் கடித்தார். கறுக்கென்றது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தான் காதால் சமைத்துக்கொண்டிருந்தது தனக்கே தெரியாது. எக்ஸாஸ்ட் வந்தபிறகு சத்தம் கேட்காமல், வாணலி மறுபடி சூடேறுவதற்குள் அவசரப்பட்டு அடுத்ததை அடுத்ததைக் கொட்டியிருக்கிறார். சூடு இறங்கிய வாணலியில் காய் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வெந்திருக்கிறது.

எக்ஸாஸ்டை நிறுத்திவிடலாமா என்றார். பழைய ஓட்டையை அடைத்தாயிற்று, புகை பூரா மேஜைப் பக்கம் போகும், டாக்டரம்மாவே இருமுவார் என்றாள். மைத்துனனிடம் சொல்லலாமா என்றால் அதற்கும் அவருக்கு மனம் வரவில்லை. உங்களுக்காகத்தான் மாமா என்று அவன் சொன்ன முகம் கண்ணிலேயே நின்றது.

"எனக்கு கேக்கும்," என்றாள் அவள்.

மோட்டார் இரைச்சல் அவருடைய தலைக்கு நேர் மேலே, தகரத்துக்குள் மோதி அவர் காதிலேயே இறங்குகிறது. அடுப்போ ஜன்னலை ஒட்டி இருக்கிறது. வாணலிச் சத்தம் ஜன்னல் வழியாக நேராகக் கல்லாவுக்கு வந்துவிடும், அங்கே உட்கார்ந்து கேட்டால் சந்தேகமே இல்லாமல் தெரியும் என்றாள். சத்தம் ஏறினதும் நான் மணியைத் தட்டுகிறேன், மணி இந்த இரைச்சலையும் மீறிக் கேட்கும், நீங்கள் அடுத்ததைப் போடுங்கள்.

"உனக்கு எப்படி தெரியும், எது சரியான சத்தம்னு?"

"தெரியும்," என்றாள். 

மாஸ்டருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. என் வாணலிக்கு இன்னொருத்தர் மணியடிப்பதா என்று ஒரு கணம் மீசை துடித்தது. பிறகு சூப்புக் கரண்டி ஞாபகம் வந்தது. மீசை அடங்கியது. எக்ஸாஸ்டைப் போட்டு மூன்று தட்டு ஒத்திகை பார்த்தார்கள். முதல் தட்டில் அவர் மணிக்கு முன்னாலேயே முந்திக்கொண்டார், அவள் முறைத்தாள். மூன்றாவது தட்டு கறுக்கென்றது.

சனிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குப் பதினாறு பேரும் வந்து நான்கு மேஜையில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார், ஒரு தடவைக்கு இரண்டு தட்டுதான், ஆக ஆக அனுப்புவேன், ஆறவைத்து ஒன்றாகத் தரமாட்டேன் என்று. நறுக்குகிறவர் கிண்ணங்களை வரிசையாக அடுக்கியிருந்தார், கெட்டிக்காய் முதல், இலை கடைசி. எக்ஸாஸ்ட் கத்தியது. மாஸ்டருக்கு வாணலிச் சத்தம் கொஞ்சமும் கேட்கவில்லை. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், கைதேர்ந்தவர்களுக்குச் சாதாரணமாக வராத ஒரு பயத்தோடு, கரண்டியைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

டிங்.

குடைமிளகாய் விழுந்தது. புரட்டினார். நேரம் ஆவதுபோல் இருந்தது. கை பரபரத்தது. மணி வரவில்லை. கையை அடக்கிக்கொண்டார். டிங். முட்டைகோஸ். டிங். இலை, உப்பு, சாஸ், இறக்கு.

இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. தட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் திரும்பவில்லை. மாஸ்டருக்கு நெஞ்சு லேசாகிப் பழைய குஷி எட்டிப் பார்த்தது. ஐந்தாம் தடவைக்குக் கேரட்டும் பீன்ஸும் படபடத்து, மணி அடித்து, குடைமிளகாயும் விழுந்த நேரத்தில் மைத்துனன் உள்ளே ஓடிவந்தான். கடைசி மேஜை காத்திருக்கிறதே என்ற பதற்றம். நல்லெண்ணத்தில், பக்கத்தில் இருந்த நான்கு கிண்ணம் முட்டைகோஸையும் முளைப்பயறையும் எடுத்து ஒரேயடியாக வாணலியில் கவிழ்த்து, மேலே ஒரு கை உப்பையும் தூவிவிட்டான்.

மாஸ்டருக்குக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. டிங்டிங்டிங்டிங் என்று மணி தீப்பிடித்ததுபோல் அலறியது. மாஸ்டர் கண்ணாடியைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். குவிந்து கிடந்த காய்க்கு அடியில் தண்ணீர் களகளவென்று கொதிக்க ஆரம்பித்திருந்தது.

"மாப்ள, வெளிய போ." மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. போய்விட்டான்.

வாணலியை அப்படியே ஒரு பெரிய தட்டில் கவிழ்த்து ஜன்னலில் ஒதுக்கிவைத்தார். வாணலியைத் துடைத்து, மறுபடி புகைய விட்டு, புதிதாக எண்ணெய் விட்டார். நறுக்குகிறவர் மூச்சுவிடாமல் இன்னும் முட்டைகோஸ் அரிந்தார். டிங். டிங். டிங். கடைசி மேஜைக்குக் கொஞ்சம் தாமதமானது. ஆனால் கறுக்கென்று போனது. பதினாறு தட்டும் காலியாகத்தான் வந்தன.

அந்த ஆபீஸ் மேலாளரம்மா போகும்போது, திங்கட்கிழமையிலிருந்து வருகிறோம், ஆனால் இதே காய் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மைத்துனன் முகம் மலர்ந்து உள்ளே வந்தான். எக்ஸாஸ்டைத் தட்டிக்கொடுத்தான். எல்லாம் இது வந்த நேரம் மாமா, காற்று நல்லா இருந்தா கை தானா நல்லா ஓடும்னு எனக்கு அப்பவே தெரியும் என்றான். மாஸ்டர் ஆமாம் மாப்பிள்ளை என்றார். சூப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று மணிக்கு ஓட்டல் காலியானது. மாஸ்டர் எக்ஸாஸ்டை நிறுத்திவிட்டு ஜன்னலில் சாய்ந்து வியர்வையைத் துடைத்தார். அந்தப் பக்கம் அவள் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கல்லாவுக்குக் கீழேயிருந்து, அதே மூடியைத் திறந்து. உள்ளே இருந்தது மைத்துனன் கெடுத்த அந்தக் காய். தொய்ந்து, தண்ணீர் கட்டி, உப்புக் கரித்துக்கொண்டு.

அந்தத் தட்டு ஜன்னலிலிருந்து எப்போது கீழே போனது என்று அவர் பார்க்கவே இல்லை. பழக்கப்பட்ட கை எடுத்து வைத்திருக்கிறது.

"அதை ஏன் சாப்பிடுற? கொட்டிரு."

"பழகிப்போச்சு."

அவர் அந்த மூடியையே பார்த்தார். அலுமினிய மூடி, விளிம்பு நசுங்கியது, பல வருஷத்து மூடி. இன்னொண்ணு போடுங்க, இன்னொண்ணு போடுங்க என்று அவள் தலை நீட்டிய நாட்கள் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்தன. காய்ச்சலோடு நின்ற நாள். அப்பா இறந்துபோன வாரம். மகள் பரீட்சைக்குப் போன காலையில் கவனமே இல்லாமல் வதக்கிய நாள்.

"திரும்பி வந்ததே இல்லன்னு..." என்று ஆரம்பித்தார்.

"சத்தம் சரியில்லன்னா நான் வெளிய அனுப்ப மாட்டேன்," என்றாள் அவள் சாதாரணமாக. "மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். அது ஒண்ணும் கஷ்டமில்ல. இந்த எக்ஸாஸ்ட் வந்தப்புறம்தான் என்னால சாப்பிட்டு முடிக்க முடியல."

மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பினார்.  வாணலியைக் காயவைத்தார். எக்ஸாஸ்டைப் போடவில்லை. ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் காய் எடுத்தார். கேரட் விழுந்து அமுங்கி ஏறும்வரை நின்றார், குடைமிளகாய் ஏறும்வரை நின்றார், முட்டைகோஸ் படபடக்கும்வரை நின்றார், வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக அவர் நின்றதில்லை. இறக்கி, ஜன்னலில் வைத்து, மணியைத் தட்டினார்.

அவள் குழைந்த தட்டை ஒதுக்கிவிட்டு இதை இழுத்துக்கொண்டாள். ஒரு பீன்ஸை எடுத்துக் கடித்தாள். அந்த அமைதியில் கறுக்கென்ற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. இன்னொன்று. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பிறகு அவள் தட்டை ஜன்னல் வழியாக அவர் பக்கம் தள்ளினாள்.

"உப்பே போடல."

உப்பு கடைசியில் போடுவது. கடைசியில் அவருக்கு எதுவும் ஞாபகத்தில் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையால் திரும்பி வந்த முதல் தட்டை மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உப்பு டப்பாவைத் தேடினார்.